பில்லையும் பெட்டியில் உள்ள எண்ணையும் படம் எடுத்து அனுப்பலாமா?

கேள்வி: சமீபத்தில் ஒரு பழைய செல்பேசி வாங்கினேன். விற்றவர் பெட்டியையும், தன் பெயரில் உள்ள பில்லையும் சேர்த்தே கொடுத்தார். இது அசல்தானா, திருட்டுப் பொருளா என்று எனக்கு ஒரு சந்தேகம். செல்பேசி சோதிப்பதில் கெட்டிக்காரர் என்று சொல்லி ஒருவரின் எண்ணைக் கொடுத்தார்கள். அவரை எனக்கு முன்பின் தெரியாது. "பெட்டி லேபிள், பில் ரெண்டையும் தெளிவா போட்டோ எடுத்து அனுப்புங்க, அஞ்சு நிமிஷத்துல சொல்லிடறேன்" என்றார். லேபிள் படத்தை அனுப்பிவிட்டேன். பாதுகாப்புக்காக, ஒவ்வொரு செல்பேசிக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் கறுப்பாக அடித்தேன். பில்லை அனுப்ப மட்டும் மனம் வரவில்லை. "வெறும் நம்பர்தானே, அனுப்பு" என்கிறார் என் கணவர். அனுப்பலாமா?

பதில்: பில்லை அனுப்பாதீர்கள். அவர் கேட்ட சோதனைக்கு அது தேவையே இல்லை. ஏற்கனவே அனுப்பிய படத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் மறைத்ததாக நினைக்கும் இலக்கம் மறையவில்லை. கணக்குகள் கைமாறிப் போவது, போலி உரிமை கோருவது போன்ற புகார்களைக் கையாள்வதுதான் என் வேலை. அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது ஒன்று உண்டு: எண் தனியாகப் போனால் வரும் ஆபத்து சிறியது. பில்லும் எண்ணும் ஒரே ஆளின் கைக்குப் போனால் அது வேறு கதை.

முதலில் உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஐஎம்இஐ எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சாதாரண ஆள் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. உங்கள் செய்திகளைப் படிக்க முடியாது. உங்கள் செல்பேசிக்குள் நுழையவும் முடியாது. அந்த எண்ணைப் பார்த்து ஒரு கருவி தங்கள் வலையமைப்பில் எங்கே இருக்கிறது என்று அறியக்கூடியது தொலைபேசி நிறுவனம். முகம் தெரியாத ஒருவருக்கு அந்த வசதி கிடையாது. அந்த எண் கிடைத்தால் அவருக்குத் தெரிவது மாடல் எது, தயாரிப்பாளரைப் பொறுத்து வாரண்டி எப்போது முடிகிறது, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பன போன்றவைதான். செல்பேசியை விற்கும்போது வாங்குபவர் பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணைப் பார்க்கக் கேட்பதும் நியாயம்தான். ஆகவே அதை ஏடிஎம் ரகசிய எண் மாதிரி பொத்தி வைக்க வேண்டியதில்லை.

மீதிப் பாதியில்தான் சிக்கல். ஐஎம்இஐயை நகலெடுக்க முடியும். திருடிய செல்பேசியின் எண் தடைப்பட்டியலில் ஏறிவிட்டால் அது வலையமைப்பில் வேலை செய்யாது. அதனால் அதில் வேறொரு நல்ல செல்பேசியின் எண்ணைப் பதிந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். போலி செல்பேசி தயாரிப்பவர்களுக்கும் உண்மையான, யாரும் புகார் கொடுக்காத எண்கள் தேவை. அப்படி ஓர் எண் நகலெடுக்கப்பட்டு, அந்த நகல் ஏதாவது குற்றத்தில் சிக்கி அந்த எண்ணே தடை செய்யப்பட்டால், அசல் எண்ணை வைத்திருக்கும் உங்கள் செல்பேசியும் சேர்ந்து முடங்கும். இது எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆனால் அந்த எண்கள் கிடைக்கும் வழிகளில் ஒன்று, பெட்டி லேபிளை முழுதாகக் காட்டும் படங்கள்.

இப்போது நீங்கள் அடித்த அந்த ஒரு இலக்கத்துக்கு வருவோம். பலரும் இதையே செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐஎம்இஐ 15 இலக்கம். முதல் 8 இலக்கங்கள் மாடலைக் குறிப்பவை. அதே வகைச் செல்பேசிகள் ஏராளமானவற்றுக்கு அவை பொது. அடுத்த 6 இலக்கங்கள்தான் உங்கள் கருவியைத் தனியாக அடையாளம் காட்டுபவை. கடைசியாக வரும் பதினைந்தாவது இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள 14 இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டால் அது தானாக வந்துவிடும். விளக்கத்துக்குப் பரவலாகப் பயன்படும் ஒரு மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம்: 490154203237518. இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று இரட்டை இடங்களில் இருப்பவற்றை மட்டும் இரண்டால் பெருக்க வேண்டும். விடை ஈரிலக்கமாக வந்தால் அந்த இரண்டு இலக்கங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது 9 என்பது 18 ஆகி, 1+8 என்று மறுபடி 9 ஆகும். இப்படி முதல் 14 இலக்கங்களுக்கும் வரும் மொத்தம் 52. அதை அடுத்த முழுப் பத்தான 60 ஆக்க 8 வேண்டும். கடைசி இலக்கம் 8. அவ்வளவுதான். அதை நீங்கள் எவ்வளவு அழுத்திக் கறுப்படித்தாலும், கணக்குத் தெரிந்தவருக்கு அது பேனா எடுக்கும் நேரத்தில் கிடைத்துவிடும்.

சரி, நடுவில் ஒன்றை மறைத்திருந்தால்? அதே எண்ணில் பன்னிரண்டாவதாக வரும் 7-ஐ மறைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 14 இலக்கங்களின் கூட்டு 55 வருகிறது. மொத்தம் முழுப் பத்தாக இருக்க வேண்டும் என்பதால் விடுபட்ட இடம் தர வேண்டியது 5. அந்த இடம் இரட்டை இடம். இரண்டால் பெருக்கிக் கூட்டினால் 5 தரும் இலக்கம் 7 மட்டுமே (14, அதாவது 1+4). ஆக, எந்த இடத்தில் இருந்தாலும் ஒரே ஒரு இலக்கத்தை மறைப்பது மறைக்காததற்குச் சமம். முதல் எட்டை மறைப்பதிலும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் மாடல் எது என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். மறைக்க வேண்டியவை கடைசி ஏழும். அப்போது பத்து லட்சம் சாத்தியங்கள் இருக்கும். படத்தை மட்டும் பார்த்து உங்கள் எண்ணைப் பிடிக்க முடியாது.

லேபிளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. எண்ணுக்கு மேலேயோ கீழேயோ கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் இருக்கிறதே, அந்த பார்கோடும் அதே எண்தான். எண்ணைக் கவனமாக அடித்துவிட்டு பார்கோடை அப்படியே விட்டவர்களின் படங்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். சாதாரண ஸ்கேனர் செயலியைப் படத்தின் மேல் காட்டினாலே முழு எண்ணும் வந்துவிடும். இரண்டு சிம் போடும் செல்பேசி என்றால் லேபிளில் இரண்டு ஐஎம்இஐ இருக்கும். பக்கத்தில் சீரியல் நம்பர் தனியாக இருக்கும். பல தயாரிப்பாளர்களின் வாரண்டிப் பக்கத்துக்கு அதுவே போதும். சில பெட்டிகளில், உள்ளேயே பதிந்த இ-சிம்மை அடையாளம் காட்டும் ஈஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் இருக்கும். ஒரு வரியை அடித்துவிட்டு மற்ற வரிகளை விட்டால் அடித்ததற்கே பொருள் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தை மறுபடி திறந்து பாருங்கள். பார்கோடு தெளிவாகத் தெரிந்தால், எண் முழுதாகப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பில். இதில்தான் நீங்கள் சரியான இடத்தில் நின்றீர்கள்.

ஒரு பில்லில் என்னென்ன இருக்கிறது என்று அதைக் கையில் எடுத்து, வாங்கியவரின் கண்ணால் இல்லாமல் ஏமாற்ற நினைப்பவரின் கண்ணால் பாருங்கள். பெயர், வீட்டு முகவரி, செல்பேசி எண், சில சமயம் மின்னஞ்சல். ஆர்டர் எண், பில் எண், வாங்கிய தேதி. அட்டையில் பணம் கட்டியிருந்தால் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள். பெரும்பாலும் கருவியின் சீரியல் எண்ணோ ஐஎம்இஐயோ அதிலேயே அச்சாகியிருக்கும். மூலையில் ஒரு க்யூஆர் கோடு இருந்தால், மேலே மறைத்தவற்றில் சில அதற்குள் மறுபடி இருக்கலாம். எண் என்பது வீட்டின் கதவு எண் என்றால், பில் அந்த வீட்டின் பத்திரம். கதவு எண்ணைத் தெருவில் போகிற யாரும் பார்க்கலாம். பத்திரத்தின் நகலை யாருக்கும் கொடுத்து வைக்க மாட்டோம்.

நிறுவனங்களின் உதவி மையங்கள் "நீங்கள்தான் உரிமையாளரா?" என்று தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த விவரங்களைத்தான் சுற்றி வரும். எப்போது வாங்கினீர்கள், ஆர்டர் எண் என்ன, பதிவு செய்த முகவரி என்ன, எந்த அட்டையில் கட்டினீர்கள்? இவை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்வு உண்டு. 2012 ஆகஸ்டில் அமெரிக்கத் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் ஒருவரின் ஆப்பிள் கணக்கை, உதவி மையத்துக்குத் தொலைபேசியில் பேசியே ஒரு கூட்டம் கைப்பற்றியது. கணக்கு அவருடையதுதான் என்று நம்ப வைக்க அவர்கள் கொடுத்த முக்கியமான விவரங்கள் இரண்டு: பில்லிங் முகவரி, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள். அந்த நான்கு இலக்கங்களை அவருடைய அமேசான் கணக்கிலிருந்து எடுத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் அவருடைய செல்பேசி, டேப்லெட், மடிக்கணினி மூன்றையும் தூரத்திலிருந்தே அழித்துவிட்டார்கள். அந்த ஓட்டைகளை இரண்டு நிறுவனங்களும் பின்னர் அடைத்தன. ஆனால் உலகத்தில் எல்லா நிறுவனங்களின் உதவி மையமும் ஒரே அளவு கறாராக இருப்பதில்லை. முகவரியும் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும் ஒரே தாளில் இருக்கும் பொருள் நம் வீட்டில் எது என்று யோசித்தால், பெரும்பாலும் அது ஒரு பில்தான்.

இப்போது, நீங்கள் பில்லையும் அனுப்பியிருந்தால் அந்த ஆள் நல்லவராக இல்லாத பட்சத்தில் என்ன செய்திருக்க முடியும் என்று பார்ப்போம்.

அடிக்கடி நடப்பது, உங்கள் படங்களை வைத்து அவர் விற்பனை விளம்பரம் போடுவது. பெட்டி, லேபிள், பில் எல்லாம் உண்மையான படங்கள். சந்தேகப்படும் ஆளிடம் "பாருங்க, பில்லே என் பெயர்ல இருக்கு" என்று காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவார். அந்த எண்ணைச் சரிபார்த்தாலும் சுத்தமாகவே வரும், ஏனென்றால் அது உங்கள் செல்பேசியின் எண். ஏமாந்தவர் கையில் கடைசியில் மிஞ்சுவது பில்லில் உள்ள பெயரும் முகவரியும். அவர் தேடி வருவது அந்த வீட்டுக்குத்தான். உங்கள் விஷயத்தில் அது உங்கள் வீடுகூட இல்லை. உங்களுக்கு நம்பி விற்றவரின் வீடு. அந்தப் பில் உங்கள் கையில் இருந்தாலும், அதில் இருக்கும் விவரங்கள் அவருடையவை. அவரைக் கேட்காமல் அதை இன்னொருவருக்கு அனுப்பும் உரிமை நமக்கு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, உரிமை கோருவது. சில தயாரிப்பாளர்கள், பூட்டப்பட்ட கருவியைத் திறந்து தரக் கேட்பவரிடம் வாங்கியதற்கான அசல் ஆவணத்தைக் கேட்கிறார்கள். அதில் கருவியின் எண் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஆப்பிள் அப்படித்தான் செய்கிறது. கருவி உங்கள் கையில் இருக்கும்வரை இதனால் பெரிய ஆபத்து இல்லை. நாளைக்கு அது தொலைந்தாலோ திருட்டுப் போனாலோதான் பில்லின் நல்ல நகல் வெளியே சுற்றுவது உறுத்தும். அதேபோல எண்ணையும் பில்லையும் காட்டி உங்கள் வாரண்டியில் வேறு யாராவது மாற்றுக் கருவி கேட்பதும் உண்டு. அது நடந்திருப்பது, நீங்கள் பழுது பார்க்கப் போய் "இதற்கு ஏற்கனவே மாற்றிக் கொடுத்தாயிற்றே" என்று கேட்கும் நாளில்தான் தெரியவரும்.

அந்த மனிதர் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. உதவும் மனதோடு இதைச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் நல்லவராகவே இருந்தாலும், படம் அவருடைய செல்பேசியிலும் அதன் மேகச் சேமிப்பிலும் தங்கிவிடும். சந்தேகம் வந்தால் இன்னொரு நண்பருக்கு அனுப்பிக் கேட்பார். உங்கள் கையை விட்டுப் போனதைத் திரும்ப வாங்க வழியில்லை.

இனி உங்கள் உண்மையான சந்தேகத்துக்கு வருகிறேன். அசல்தானா, திருட்டுப் பொருளா? இதில் பெரும்பகுதியை நீங்களே, யாருக்கும் எதையும் அனுப்பாமல் பார்த்துவிடலாம்.

அழைப்புப் பலகையில் *#06# என்று அடியுங்கள். திரையில் ஐஎம்இஐ வரும். செட்டிங்ஸில் செல்பேசியைப் பற்றிய பக்கத்தில் உள்ள எண்ணோடும், பெட்டியில் உள்ள எண்ணோடும், பில்லில் இருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள். சிம் தட்டிலோ பின்புறத்திலோ அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். ஒன்று மாறினால்கூட விற்றவரிடம் கேளுங்கள். சிம் தட்டு மட்டும் வேறு எண் காட்டினால் பழுது பார்த்தபோது தட்டை மாற்றியிருக்கலாம். *#06# காட்டும் எண்ணும் பெட்டியும் வேறாக இருந்தால் பெட்டி வேறு செல்பேசியுடையது, அல்லது உள்ளே மெயின் போர்டு மாறியிருக்கிறது, அல்லது எண்ணையே மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கம். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். எண்ணைக் கொடுத்ததும் வரும் மாடல் உங்கள் கையில் உள்ளதோடு பொருந்த வேண்டும். நிறமோ கொள்ளளவோ காட்டினால் அவையும் பொருந்த வேண்டும். வாரண்டி தொடங்கிய நாளும் பில் தேதியும் அருகருகே இருந்தால் நல்லது. பில்லுக்குப் பல மாதம் முன்பே வாரண்டி தொடங்கியிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் எல்லா விவரமும் சொல்கிறோம் என்று தேடலில் வந்து நிற்கும் இனம் தெரியாத தளங்கள் வேண்டாம். அங்கே எண்ணைத் தட்டுவதும் முன்பின் தெரியாதவருக்கு அனுப்புவதும் ஒன்றுதான்.

திருட்டுப் பட்டியலைப் பார்க்கப் பல நாடுகளில் தொலைத்தொடர்புத் துறையோ அதன் ஒழுங்குமுறை ஆணையமோ ஒரு வசதி வைத்திருக்கிறது. உங்கள் நாட்டில் இருந்தால் அங்கே பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள். "பட்டியலில் இல்லை" என்று வந்தால் இன்றைக்குப் புகார் இல்லை என்று மட்டுமே பொருள். நாளைக்குப் புகார் வரலாம். அதனால்தான் விற்றவரோடு பேசிய செய்திகள், பணம் கொடுத்ததற்கான பதிவு இரண்டையும் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை, பழைய உரிமையாளரின் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. செட்டிங்ஸில் கணக்குகள் பகுதியைப் பாருங்கள். உங்கள் தரவைக் காப்பு எடுத்துக்கொண்டு, கருவியை முழுதாக அழித்து, உங்கள் கணக்கில் புதிதாகத் தொடங்குங்கள். அழிக்கும்போதோ மறுபடி தொடங்கும்போதோ பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால், விற்றவர் அதை நீக்கவில்லை. நேர்மையான ஆள் என்றால் உடனே நீக்கித் தருவார். தட்டிக் கழித்தால் செல்பேசி அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். கேட்காமல் தொடங்கிவிட்டால் மிகப் பெரிய கவலை தீர்ந்தது. இதை எந்தப் படமும் யாருக்கும் காட்டாது. உள்ளே பாகங்கள் மாறியிருக்கிறதா என்பதற்கு, புதிய ஐபோன்களில் செட்டிங்ஸிலேயே பாகங்கள், பழுது வரலாறு என்று ஒரு பகுதி இருக்கிறது. மற்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட பழுது மையத்தில் நேரில் திறந்து காட்டுவதுதான் நம்பகமானது.

இத்தனைக்கும் ஒரு எல்லை உண்டு. போலி தயாரிப்பவர் உண்மையான எண்ணைப் பதிந்து, அதே எண்ணோடு பெட்டியும் அச்சடித்திருந்தால் எண் சோதனை எல்லாம் தேறிவிடும். எண்ணின் படத்தைப் பார்த்து "அசல்தான்" என்று சொல்லும் எவரும் அதே எல்லைக்குள்தான் நிற்கிறார். அவருக்கு உங்களைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடியது அச்சின் தரம், எழுத்தின் வடிவம், திருகுகள், விளிம்பு, திரையின் நிறம் போன்றவை. அவற்றைப் பார்க்க எண்ணும் தேவையில்லை, பில்லும் தேவையில்லை. "எண் இல்லாமல் லேபிளின் அச்சு மட்டும் தெரிகிற மாதிரி படம் அனுப்பட்டுமா?" என்று அவரிடம் கேளுங்கள். உண்மையில் சோதிப்பவர் என்றால் ஒத்துக்கொள்வார். முழு எண்ணும் பில்லும் இருந்தால்தான் பேசுவேன் என்று விடாப்பிடியாக நின்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்படிப் படம் அனுப்புவதானால் மறைக்கும் முறை முக்கியம். படம் எடுத்த பிறகு மறைப்பதைவிட, எடுப்பதற்கு முன் ஒரு தாளை வெட்டி எண், பார்கோடு, க்யூஆர் எல்லாவற்றின் மேலும் வைத்துவிட்டு எடுங்கள். அதற்கு மிஞ்சிய பாதுகாப்பு இல்லை. எடுத்த பிறகு செல்பேசியின் மார்க்கர் தூரிகையால் அடித்தால், பல செயலிகளில் அந்த மை முழுக் கறுப்பு இல்லை. ஓரளவு ஊடுருவித் தெரியும். கண்ணுக்குக் கறுப்பாக இருப்பது, வெளிச்சத்தைக் கூட்டினால் எண்ணாகத் தெரியும். மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் எண்களுக்குப் போதாது. ஒவ்வொரு இடத்திலும் வரக்கூடியவை பத்தே உருவங்கள். பத்தையும் அதேபோல மங்கலாக்கி எது பொருந்துகிறது என்று பார்த்தால் போதும். வெட்டுவதில்கூட ஒரு காலத்தில் ஓட்டை இருந்தது. 2023-ல் கூகுள் பிக்சல் செல்பேசிகளின் திருத்தும் கருவியிலும் விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும், வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பிலேயே தங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அது சரிசெய்யப்பட்டுவிட்டது, ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்கள் அப்படியேதான் இருக்கின்றன. பிடிஎஃப் பில் என்றால் இன்னும் மோசம்: கறுப்புப் பெட்டியை மேலே ஒட்டினாலும் அடியில் எழுத்து இருக்கும், தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வெளியே வந்துவிடும்.

படத்துக்குள் எடுத்த நேரமும், இடக்குறிப்பு இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடமும் பதிவாகும். அது பெரும்பாலும் உங்கள் வீடு. செய்திச் செயலிகள் பலவும் படமாக அனுப்பும்போது அதை நீக்கிவிடுகின்றன. ஆவணமாக, கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். "தெளிவா இருக்க டாக்குமென்டா அனுப்புங்க" என்று கேட்டால் இதை நினைவில் வையுங்கள். கூடவே ஒரு துண்டுத் தாளில் அன்றைய தேதியும் யாருக்காக எடுத்தது என்பதும் எழுதி, பொருளோடு சேர்த்து, வெட்டி நீக்க முடியாத இடத்தில் வைத்துப் படம் எடுத்தால், அந்தப் படத்தை வேறு விளம்பரத்தில் பயன்படுத்துவது கடினமாகிவிடும்.

ஏற்கனவே போன படத்துக்கு இப்போது செய்ய வேண்டியவை அதிகமில்லை. அந்த உரையாடலில் "எல்லோருக்கும் நீக்கு" வசதி இருந்தால் நீக்குங்கள். அவர் ஏற்கனவே சேமித்திருந்தால் அது உதவாது, இருந்தாலும் செய்யுங்கள். கருவியை இன்றே உங்கள் கணக்கோடு இணைத்து, தொலைந்தால் கண்டுபிடிக்கும் வசதியை இயக்குங்கள். அதன்பின் உங்கள் கடவுச்சொல் இல்லாமல் வேறு யாரும் அதை எடுத்துப் பயன்படுத்துவது கடினம். வாரண்டிப் பக்கத்தை இப்போது ஒரு முறை பார்த்து அது காட்டுவதைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நீங்கள் செய்யாத பழுதோ மாற்றோ அதில் பதிவாகியிருந்தால் தயாரிப்பாளரிடம் உடனே சொல்ல அந்தப் படம் கைகொடுக்கும். செல்பேசி திடீரென்று எந்த சிம்மிலும் வலையமைப்பைப் பிடிக்காமல் போனால், எண் தடைப்பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்போது நீங்கள்தான் நேர்மையாக வாங்கியவர் என்று காட்ட, விற்றவரோடு பேசியதும் பணம் போனதும் உள்ள பதிவுகளோடு, அந்தப் பில்லின் அசல் தாள்தான் தேவைப்படும்.

விற்றவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெட்டி எண் ஒருவருக்குப் போயிருக்கிறது, பில் போகவில்லை என்று. அந்தச் செல்பேசி வாங்கியது பற்றி யாராவது அவரைக் கூப்பிட்டு, மாடலையும் எண்ணையும் சரியாகச் சொல்லி, "சரிபார்க்க ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள்" என்று கேட்டால், விவரம் தெரிந்திருப்பதால் மட்டும் அவரை நிறுவனத்து ஆள் என்று நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கும் அப்படி அழைப்பு வரலாம். வந்தால் வைத்துவிட்டு, நிறுவனத்தின் எண்ணைப் பெட்டிக்குள் இருக்கும் வாரண்டிக் காகிதத்திலோ அதிகாரப்பூர்வத் தளத்திலோ பார்த்து நீங்களே கூப்பிடுங்கள்.